அப்பாவைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர்களுக்கு ஒரு கடிதம்: எழுதுவது எப்படி?

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மருத்துவமனைக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "வெண்ணிற ஆடை அணிந்த தேவதைகளுக்கு" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். தன்னலமற்ற சேவை, தாயினும் சாலப் பரிவு, ஈடில்லாத அர்ப்பணிப்பு என்று எல்லாம் அதில் இருந்தது. அக்கா படித்துப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் போலிருக்கிறதே, தம்பி" என்றாள்.

அவள் சொன்னது சரி. அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுத எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டவற்றையும், செவிலியராக இருக்கும் என் சித்தி மகள் திருத்திச் சொன்னவற்றையும் இங்கே எழுதுகிறேன். புற்றுநோய் முற்றியவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் வார்டு ஒன்றில் அப்பா பத்தொன்பது நாள் இருந்தார். அரசு மொழியில் அதை 'வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சை' என்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலோ சாதாரண வார்டிலோ உறவினரை இழந்தவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் தாளை எடுக்காதீர்கள்

கடிதத்துக்கு முன் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாள், வேளை, கண்ணால் பார்த்தது என்று மூன்று பத்தி போதும். துக்கத்தில் நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எனக்குப் பத்தொன்பது நாளும் ஒரே நீண்ட இரவாகத்தான் நினைவில் இருந்தது. மருந்துக் கடை ரசீதுகளையும் மருத்துவமனை கொடுத்த இறப்புச் சுருக்க அறிக்கையையும் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான், உணவு செலுத்தும் குழாயை மாற்றியது எந்த நாள், படுக்கையை ஜன்னலோரத்துக்கு நகர்த்தியது எந்த நாள் என்று பிரிந்து வந்தது.

பிறகு, அப்பாவோடு இருந்த ஒவ்வொருவரையும் கேளுங்கள். வார்டில் துணைக்கு இருப்பவர்கள் மாறி மாறி இருப்பார்கள். பகல் டியூட்டி சிஸ்டர் செய்தது இரவில் இருந்தவனுக்குத் தெரியாது. இரவுகள் என்னுடையவை, பகல் முழுவதும் அம்மாவுடையது. அம்மாவைக் கேட்டபோது, "அந்த உயரமான பொண்ணு, கட்டுப் பிரிக்கும்போது முகத்தைச் சுளிக்கவே இல்லை. ஒரு நாள்கூட" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கடிதத்தின் மையம் அதுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். அப்பாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய். கட்டி தோலைத் துளைத்து வெளியே புண்ணாகிவிட்டது. அந்தப் புண்ணின் நாற்றத்தால் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் படுப்பார்கள். பார்க்க வந்த உறவினர்கள் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். அப்பாவுக்கு அது தெரியும். அதனாலேயே யாரும் வர வேண்டாம் என்று சைகை காட்டுவார். அந்தச் சிஸ்டர் தினமும் உப்பு நீரால் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுப் போட்டார். அந்த வகைப் புண்ணில் நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளை அந்த மருந்து குறைக்கும். சில நாளில் நாற்றம் வெகுவாகக் குறைந்தது. ஆறாம் நாள் என் மகள் தாத்தாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். புண் ஆறவில்லை, ஆறாது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் பேத்தி உட்கார்ந்தாள்.

நோட்டில் எழுத வேண்டியது இந்த மாதிரிச் செயல்களை. 'அன்பாக இருந்தார்' என்பதை எழுதாதீர்கள். அன்பாக இருந்தார் என்று உங்களுக்கு எதனால் தோன்றியதோ அதை எழுதுங்கள். நெற்றியைத் தொட்டாரா, பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா, ஊசி போடுமுன் "ஐயா, இப்போது ஊசி போடப் போகிறேன்" என்று நினைவிழந்தவரிடமும் சொன்னாரா? இப்படிப் பத்துக் குறிப்புகள் சேர்ந்ததும் நிறுத்திவிடலாம். கடிதத்துக்கு இரண்டோ மூன்றோதான் வேண்டும்.

அவர்களுக்குத் தெரியாததை எழுதுங்கள்

சித்தி மகள் சொல்லித்தான் இது எனக்கு உறைத்தது. ஒரு சிஸ்டரின் டியூட்டி முடியும்போது கதை பாதியில் நின்றுவிடுகிறது. மறுநாள் வந்தால் கட்டில் காலியாக இருக்கும், அல்லது வேறொருவர் படுத்திருப்பார். கடைசி நேரம் எப்படிப் போயிற்று, குடும்பம் என்ன ஆயிற்று, தான் சொல்லிக்கொடுத்தது பயன்பட்டதா என்று அவருக்குத் தெரிவதில்லை. "நான் நல்லவள் என்று எனக்கு யாரும் எழுத வேண்டாம். நான் போன பிறகு என்ன நடந்தது என்று எழுதினால் போதும்" என்றாள்.

ஆகவே நோட்டில் உள்ள ஒவ்வொரு செயலுக்கும் எதிரே, அதன் பிறகு என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். கட்டுப் போட்டார், பேத்தி கட்டிலில் உட்கார்ந்தாள். வாயை நனைக்கச் சொல்லிக்கொடுத்தார். கடைசி இரவில் அம்மாதான் நனைத்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டாம் பாதி உங்களைத் தவிர வேறு யாரிடமும் இல்லை.

மனதில் உறுத்துவது இருந்தால்

பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏதோ ஒன்று உறுத்தும். எனக்கு உறுத்தியது குளுக்கோஸ் பாட்டில். பதினைந்தாம் நாள் அப்பாவுக்குக் குழாய் வழியாகக் கொடுத்த கஞ்சியும் இறங்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு நான் சிஸ்டரிடம் போய், "ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏற்றுங்கள். பட்டினி போட்டுக் கொல்கிறீர்களா?" என்று வார்டே விழிக்கும்படி கத்தினேன். நம் ஊரில் பாட்டில் ஏற்றுவதுதான் வைத்தியம். ஏற்றாவிட்டால் கைவிட்டதாக அர்த்தம்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. என்னை வராந்தாவில் உட்கார வைத்து விளக்கினார். உடல் மெல்ல ஓய்ந்துகொண்டிருக்கும்போது ஏற்றும் நீரை அது வாங்கிக்கொள்வதில்லை. கை கால் வீங்கும், நெஞ்சில் சளி கூடும், மூச்சு இன்னும் திணறும். பசி என்று நாம் நினைப்பதில் அவருக்குத் தொந்தரவு கொடுப்பது வாய் வறட்சிதான் என்றார். பிறகு சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, உதட்டையும் நாக்கையும் ஈரமாக்கக் காட்டிக்கொடுத்தார்.

இப்படி ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் கடிதத்தில் கேளுங்கள். இரண்டு வரியில் கேளுங்கள். நீங்கள் ஏன் அப்படி நடந்துகொண்டீர்கள் என்று ஒரு பக்கம் விளக்கினால் அது மன்னிப்பு இல்லை, வாதம்.

இன்னொரு உறுத்தல் இதைவிட நுட்பமானது. கடைசி ஊசி. அப்பாவுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மார்ஃபின் போய்க்கொண்டிருந்தது, இறுதி நாட்களில் தோலுக்கடியில் ஊசியாக. கடைசி ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றது. எங்கள் பெரியப்பா காரியத்தன்றே, "அந்த ஊசிதான்…" என்று இழுத்தார். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் ஏற்றவாறு அளந்து கொடுக்கும் மார்ஃபின் உயிரை எடுப்பதில்லை. சாகும் நிலையில் இருப்பவருக்கு முறையாக மருந்து போய்க்கொண்டிருந்தால், ஏதோ ஒரு ஊசி கடைசி ஊசியாகத்தான் இருக்கும். இது எனக்கு டாக்டர் சொன்னது. ஆனால் அந்த ஊசியைக் கையால் போட்டவர், பணிக்குப் புதியவராக இருந்தால் குறிப்பாக, குடும்பம் என்ன நினைக்கிறதோ என்று வீட்டுக்கும் சுமந்துபோவார் என்றாள் சித்தி மகள். உங்களுக்குச் சந்தேகம் இல்லை என்றால் அதைக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் முதலில் டாக்டரிடம் நேரில் கேட்டுத் தீர்த்துக்கொண்டு, பிறகு கடிதத்துக்கு வாருங்கள். நன்றியும் புகாரும் ஒரே உறையில் போகக் கூடாது. புகார் உண்மையாகவே இருந்தால் அது வேறு தாள், வேறு முகவரி.

எழுதக் கூடாத நான்கு

ஒன்று, "உங்களால் காப்பாற்ற முடியாமல் போனாலும்" என்ற தொடக்கம். நாம் பெருந்தன்மையாக எழுதுவதாக நினைத்து எழுதும் வரி இது. அந்த வார்டில் யாரும் உயிரைக் காப்பாற்ற முயன்று தோற்கவில்லை. வலியில்லாமல் இருக்கச் செய்வதுதான் அவர்கள் வேலை, அதைச் செய்தார்கள். தோல்வியாக வர்ணித்துவிட்டு நன்றி சொன்னால் அது குத்தும்.

இரண்டு, விதிமீறல். இது முக்கியம். பார்வை நேரம் முடிந்த பின் பேத்தியை உள்ளே விட்டது, தன் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுத்தது போன்றவை உங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் உங்கள் கடிதத்தைக் கண்காணிப்பாளரும் படிப்பார். நன்றியே அந்தப் பெண்ணுக்கு விளக்கக் கடிதம் கேட்க வைத்துவிடும். அதை நேரில் பார்க்கும்போது சொல்லுங்கள். என் மகள் உட்கார்ந்தது பார்வை நேரத்தில்தான் என்பதை நோட்டைப் பார்த்து உறுதிசெய்த பிறகே நான் எழுதினேன்.

மூன்று, ஒப்பீடு. "மற்றவர்களைப் போல் இல்லாமல் நீங்கள் மட்டும்" என்று எழுதினால், அந்த மற்றவர்கள் அதே அறையில்தான் சாப்பிடுகிறார்கள். நான்கு, தெய்வம், தேவதை, தாய். என் சொந்தக் கருத்துதான் இது: தேவதைக்குச் சம்பளம் வேண்டாம், கால் வலிக்காது, இரவில் தூக்கம் வராது. கால் வலியோடு நின்றவரைத் தேவதை என்றால் அந்தக் கால் வலி காணாமல் போய்விடுகிறது.

யாருக்கு, எந்த வரிசையில்

கடிதத்தை வார்டு இன்சார்ஜ் சிஸ்டருக்கு முகவரியிட்டு, உள்ளே வார்டில் எல்லோருக்கும் என்று எழுதுவதுதான் பழுதில்லாத வழி. அதற்குள் தனித்தனி ஆட்களைக் குறிப்பிடலாம். பெயர் தெரியாவிட்டால் கவலைப்பட வேண்டாம். தேதியும் வேளையும் கொடுத்தால் இன்சார்ஜ் டியூட்டிப் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். தலைப்பில் நோயாளியின் பெயர், உள்நோயாளி எண், கட்டில் எண், இருந்த தேதிகள் ஆகியவற்றை எழுதுங்கள். அவர்கள் பார்த்த கட்டில்கள் ஏராளம். முகத்தைவிடக் கட்டில் எண் சீக்கிரம் நினைவுக்கு வரும்.

ஆயாம்மாவையும் தூய்மைப் பணியாளரையும் விட்டுவிடாதீர்கள். அப்பாவின் துணியை மாற்றியது யார் என்று யோசித்தால் பெயர் தானே வரும். ஒரு பிரதியைச் செவிலியர் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். வார்டில் கொடுத்த தாள் மேசை இழுப்பறையோடு நின்றுவிடலாம், கண்காணிப்பாளரிடம் போவது பதிவாக இருக்க வாய்ப்புண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்த செவிலியருக்கு எழுதுவதானால், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலருக்குப் பிரதி வையுங்கள். இங்கிலாந்தில் பெற்றோரை இழந்த உறவினர் யாராவது இதைப் படித்தால் ஒரு கூடுதல் காரணம்: அங்கே செவிலியர்கள் மூன்றாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க, தங்கள் பணி பற்றிய ஐந்து கருத்துரைகளைக் காட்ட வேண்டும். நோயாளியின் குடும்பம் எழுதிய கடிதமும் அந்த ஐந்தில் ஒன்றாகலாம்.

நான் கடைசியில் எழுதியது

பெயர்களையும் எண்களையும் எடுத்துவிட்டுத் தருகிறேன்.

"வார்டு இன்சார்ஜ் சிஸ்டருக்கும், வார்டில் பணிபுரியும் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஜன்னலோரக் கட்டிலில் பத்தொன்பது நாள் இருந்தவரின் மகன். அப்பா உங்கள் வார்டில்தான் விடிகாலை நான்கரை மணிக்கு இறந்தார். அம்மா, அக்கா, நான் மூவரும் பக்கத்தில் இருந்தோம்.

காலை டியூட்டியில் அப்பாவின் முகத்துக் கட்டை மாற்றிய சிஸ்டருக்கு: நீங்கள் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை என்று அம்மா இன்றும் சொல்கிறார். நாற்றம் குறைந்த பிறகு, ஆறாம் நாள் என் மகள் தாத்தாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து தன் பள்ளிக் கதையைச் சொன்னாள். அதற்கு முன் மூன்று மாதம் அவள் வாசலிலேயே நின்றுவிடுவாள். தாத்தாவிடம் கடைசியாக என்ன பேசினாய் என்று கேட்டால் அவளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

பதினைந்தாம் நாள் இரவு டியூட்டியில் இருந்த சிஸ்டருக்கு: குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி உங்களிடம் கத்தியவன் நான். சொல்லக் கூடாத வார்த்தை சொன்னேன். மன்னியுங்கள். நீங்கள் காட்டிக்கொடுத்தபடி அம்மா நான்கு நாளும் அப்பாவின் வாயை நனைத்தார். கடைசி நிமிடத்திலும் அந்தத் துணி அம்மாவின் கையில் இருந்தது. கையில் ஒரு வேலை இருந்ததால்தான் தாங்க முடிந்தது என்கிறார்.

கடைசி ஊசியைப் போட்ட சிஸ்டருக்கு: தொண்டையில் கொரகொரப்பு கேட்டு நாங்கள் பயந்தபோது, அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கேட்கும் நமக்குத்தான் இது கஷ்டம், அவருக்கு இல்லை என்றீர்கள். அந்த ஊசிக்குப் பிறகு அவர் புருவத்தின் சுருக்கம் போனது. அது வலிக்குக் கொடுத்த மருந்து என்பதில் எங்களுக்கு எந்த ஐயமும் இல்லை.

துணி மாற்றும்போதெல்லாம் திரையை இழுத்துவிட்ட ஆயாம்மாவுக்கும் எங்கள் நன்றி. அப்பா கூச்ச சுபாவம் உள்ளவர்.

அவர் நடமாடிய காலத்துப் படம் ஒன்று வைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்த முகம் இப்படித்தான் இருந்தது.

இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை."

ஒரே தாளில், கையெழுத்தில் அடங்கிவிட்டது. அப்பாவின் வாழ்க்கை வரலாறு இதில் இல்லை. முதல் பிரதியில் அவர் எத்தனை வயதில் வேலைக்குச் சேர்ந்தார் என்பதுவரை இருந்தது. அது எங்கள் குடும்பத்துக்கான எழுத்து. அந்தப் பாரத்தைப் படம் ஏற்றுக்கொண்டது. படம் வைப்பதானால் நோய்க்கு முந்தையது, மாலை போடாதது. கட்டிலில் எடுத்த படத்தை வைக்காதீர்கள். பின்புறம் பெயரும் கட்டில் எண்ணும் எழுதுங்கள்.

கொண்டுபோய்க் கொடுப்பது

எப்போது என்பதற்குக் கெடு கிடையாது. உங்கள் வீட்டுச் சடங்குகள் முடியட்டும். ஆறு மாதம் கழித்துப் போனாலும் படிப்பார்கள். வார்டுக்குத் திரும்பிப் போக முடியாது என்று தோன்றினால் தபாலில் அனுப்புங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. நேரில் போவதானால் டாக்டர்கள் சுற்றி வரும் காலை நேரமும், டியூட்டி மாறும் நேரமும் வேண்டாம். பிற்பகல் நல்லது.

உறைக்குள் பணம் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனை என்றால் அவர்கள் வாங்கவும் கூடாது. எந்த மருத்துவமனையிலும் அது நன்றியைக் கூலியாக்கிவிடும். எல்லோரும் பகிர்ந்துகொள்ளும்படி பழம் கொண்டுபோகலாம். நான் வாழைப்பழம் ஒரு சீப்பு கொண்டுபோனேன். துக்க வீட்டிலிருந்து இனிப்பு வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் எடுத்துக்கொண்டு போங்கள்: வீட்டில் மிஞ்சிய மார்ஃபின் மாத்திரைகள். வார்டில் சேர்க்கும் முன் அப்பா வீட்டில் சாப்பிட்டவற்றில் இருபத்திரண்டு மீதி இருந்தன. அவற்றை அலமாரியில் வைத்திருக்கவோ, வேறு யாருக்காவது கொடுக்கவோ கூடாது. கொடுத்த இடத்திலேயே ஒப்படைக்க வேண்டும்.

நான் போனபோது மேசையில் இருந்தது அந்த இரவு சிஸ்டர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, எனக்குத்தான் முகம் சிவந்தது. மாத்திரைகளை முதலில் நீட்டினேன். எண்ணினார், மறுபடி எண்ணினார், பதிவேட்டில் இருபத்திரண்டு என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு உறையைக் கொடுத்தேன். இப்போது படிக்க நேரமில்லை என்று சொல்லிப் பதிவேட்டுக்குள் செருகிவிட்டு, "அம்மா சாப்பிடுகிறார்களா?" என்று கேட்டார்.